புதுப்பிப்பு: 24 மணி நேர மலை ஓட்டமும் ஜிபிஎஸ் இடைவெளியும்

முன்பு கேட்டது: "என் வாட்ச் சூன்டோ ஆம்பிட்3 பீக். ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் நிற்க ஜிபிஎஸ் இடைவெளி எவ்வளவு வைக்கலாம்?"

5 விநாடிக்கு ஒருமுறை ஜிபிஎஸ் இடத்தைப் பார்க்கும்படி வைத்தேன், சார்ஜ் கடைசிவரை நின்றது. கம்பெனிக் கணக்குப்படி 1 விநாடிக்கு 20 மணி நேரம், 5-க்கு 30, 60-க்கு 200. அந்த 200-ஐப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இங்கே ஒரு அண்ணன் போட்டுக் காட்டிய கணக்குதான் முடிவு செய்தது. மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடத்தில் 100 மீட்டர் போய்விடுவோம். அதற்குள் ஒரு கொண்டை ஊசி வளைவே முடிந்துவிடும். வாட்ச் இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டில் இணைத்து, தூரத்தைக் குறைத்துக் காட்டும். 5 விநாடி வைத்தால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சுமார் 8 மீட்டர்தான்.

வாட்ச் தகவலைச் சேமிக்கும் பதிவு இடைவெளியை 10 விநாடி ஆக்கச் சொன்ன நண்பர் பாதி சரி. அதில் மிச்சமாவது மெமரி. ஜிபிஎஸ் சிப் எப்போதும்போல விழித்துத்தான் இருக்கும். பேட்டரியைத் தின்பது அதுதான்.

நாலு மணி நேர மாரத்தானுக்குக் கேட்டவரே, உங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம், 1 விநாடியே வையுங்கள்.

அப்புறம், பழைய பேட்டரி கடுங்குளிரில் 30 மணி நேரம் வருமா? அந்த வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.