இன்சுலின் அளவு மாறிய சம்பவம்: அறிக்கையில் எதை எழுதுவது?

இரவு ஷிப்ட்: 4 யூனிட் ரெகுலர் இன்சுலின் போட வேண்டிய நோயாளிக்கு 40 யூனிட் போய்விட்டது. இப்போது ஆள் நலம். வார்டு பொறுப்பில் இருப்பதால் அறிக்கை நான் எழுத வேண்டும். "செவிலியர் கவனக்குறைவாக ஆணையைத் தவறாகப் படித்தார், டாக்டர் கையெழுத்தும் தெளிவில்லை" என்று எழுதினேன். யாரையும் குறை சொல்லாமல் எழுதித் தரச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். எப்படி மாற்றுவது?

தென்றல்: "40 யூனிட் செலுத்தப்பட்டது" என்று மட்டும் எழுதுங்கள். யார் என்ற பேச்சே வராது.

முத்துவேல்: பாதிதான் சரி. "கவனக்குறைவாக" என்பதை எடுங்கள், அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் யார் போட்டது என்பது இருக்க வேண்டும். பெயருக்குப் பதில் பொறுப்பைப் போட்டால் போதும். நேரங்களையும் அளவுகளையும் உங்கள் கேஸ் ஷீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்:

"காலை 7.30: ஆணைத்தாளில் 4 என்ற எண்ணை ஒட்டி 'U' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தது, நகல் இணைப்பில். பணிச் செவிலியர் 40 யூனிட் ரெகுலர் இன்சுலினைத் தோலடியில் செலுத்தினார். ஆணையை 40 என்று படித்ததாகத் தெரிவித்தார். இரண்டாம் செவிலியரின் சரிபார்ப்பு நடக்கவில்லை. 8.15: நோயாளிக்கு வியர்வை, கை நடுக்கம். விரல்நுனிச் சர்க்கரை 46. 8.18: பணி மருத்துவருக்குத் தகவல். 8.22: அவர் உத்தரவுப்படி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பு வழியாக. 8.37: சர்க்கரை 118."

இதோடு நிறுத்தாதீர்கள். ரெகுலர் இன்சுலின் 8 மணி நேரம் வரை வேலை செய்யும். 118 வந்த பிறகும் சர்க்கரை மறுபடி இறங்கலாம். அதனால் பிறகு எடுத்த அளவுகள் எல்லாம் நேரத்தோடு வேண்டும். "ஆள் நலம்" போதாது.

பாலா: நான் முன்பு எழுதிக் கொடுத்த அறிக்கை மறுநாளே மெமோவாகத் திரும்பி வந்தது. டாக்டர் கையெழுத்தைச் சொல்லாமல் விட்டால் பழி செவிலியர் தலையில்தான் விழும்.

முத்துவேல்: "தெளிவில்லை" உங்கள் கருத்து. நகலைப் பார்க்கிறவருக்கு 'U' பூஜ்யம் போல முடிந்திருப்பது தானாகத் தெரியும். 'யூனிட்' என்று முழுதாக எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

மாறன்: "சரிபார்ப்பு நடக்கவில்லை" மட்டும் குறை இல்லையா?

முத்துவேல்: "சரிபார்க்கத் தவறினார்" என்றால் குறை. இரண்டாம் செவிலியர் அப்போது எங்கே இருந்தார் என்று தெரிந்தால் அதையும் எழுதலாம்.

பாலா: அப்போ அந்த ஷிப்டில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்பதையும் சேருங்கள்.

மாறன்: அது சாக்கு.

முத்துவேல்: பணிப்பட்டியலில் உள்ள எண்ணிக்கை சாக்கு ஆகாது. "பணிச்சுமையால் நடந்தது" என்பது முடிவு, அதை விசாரிக்கிறவர்கள் சொல்லட்டும்.

மாறன்: எண்ணைப் போட்டாலே முடிவையும் போட்ட மாதிரிதான். நான் ஒப்பவில்லை.

இரவு ஷிப்ட்: சரி, எண்ணிக்கையை வைக்கிறேன். வேறு ஏதாவது விட்டுப்போனதா?

முத்துவேல்: நடந்ததை நோயாளியிடமும் குடும்பத்திடமும் சொன்னது யார், எத்தனை மணிக்கு?

இரவு ஷிப்ட்: டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.