லேமினேட் செய்த சீட்டு

சுடர்

டயாலிசிஸ் யூனிட்டில் டயட்டீசியனாக இருப்பவர்கள், இருந்தவர்கள் யாராவது படித்தால் சொல்லுங்கள். இது என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

58 வயது டெய்லர். செவ்வாய், வியாழன், சனி வருவார். டிரை வெயிட், அதாவது கூடுதல் நீர் இல்லாமல் இருக்க வேண்டிய எடை, 54 கிலோ. ரொம்ப ஒழுங்கானவர், மாத்திரை தவறாது, ஒரு முறைகூட மிஷினைத் தவறவிட்டதில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று செவ்வாய்க்கிழமைகளில் 57, 57.5 என்று வர ஆரம்பித்தார். ஒரு செவ்வாய் 57.8. எங்கள் யூனிட்டில் கிலோவுக்கு மணிக்கு 13 மி.லி. தாண்டி நீர் எடுக்க மாட்டோம். 54 கிலோவுக்கு நான்கு மணி நேரத்தில் 2.8 லிட்டர்தான் வரும். அன்று அதற்கு மேல் இழுத்தார்கள். மூன்றாவது மணியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, பி.பி. விழுந்து, காலை மேலே தூக்கிப் பிடித்தோம்.

தெளிந்ததும் நான் அவரைக் கடிந்துகொண்டேன். "அய்யா, தண்ணியக் குறைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" அவர் பதில் பேசவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "நீங்க எழுதிக் குடுத்ததுதாம்மா. இதுக்கு மேல ஒரு சொட்டு குடிக்கல."

வியர்வையில் நனையக் கூடாது என்று லேமினேட் செய்து வைத்திருந்தார். என் கையெழுத்து. "திரவம்: ஒரு நாளைக்கு 1500 மி.லி." தேதி இல்லை, காரணமும் இல்லை.

எட்டு மாதம் முன்பு முதல் தடவை பார்த்தபோது அவருக்கு நாளைக்கு 900 மி.லி. யூரின் போனது. அதோடு 600 சேர்த்து 1500 எழுதினேன். அன்றைக்கு அது சரி. அதற்கப்புறம் யாரும் யூரினை அளக்கவில்லை. சீட்டைப் பார்த்த அன்று கேன் கொடுத்து அனுப்பி, அடுத்த டயாலிசிஸுக்கு முந்தின 24 மணி நேரம் பிடித்து வரச் சொன்னேன். 100 மி.லி.

கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது, அதோடு 600 சேர்த்து 1500ஐ 700 ஆக்கினேன். தினம் 800 மி.லி. உள்ளேயே நின்றிருக்கிறது. சனி மதியத்திலிருந்து செவ்வாய் வரை ஏறக்குறைய மூன்று நாள், 2.4 லிட்டர். முன்பெல்லாம் 1.4 கிலோ ஏறி வந்தவர் 3.8 ஏறி வருகிறார். சொன்னதைக் கேட்காதவர் என்று கேஸ் ஷீட்டில் நானே இரண்டு முறை எழுதியிருந்தேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

மிஷின் நம்பர் 7

17 வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியன். நடந்திருக்கிறது, ஆனால் தலைகீழாக.

ஒரு அம்மா, டிரை வெயிட் 48. ஆறு மாதமாக அதே 48. டயாலிசிஸ் முடிந்தால் 48, சார்ட்டைப் பார்த்தால் இவரைப் போல ஒழுங்கான பேஷன்ட் கிடையாது. ஆனால் பி.பி. மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரு நாள் ஊசி போடக் கையை நீட்டினார். ஜாக்கெட் கை தொளதொளவென்று கிடந்தது, இரண்டு விரல் நுழையும். போன தீபாவளிக்கு அது இறுக்கமாக இருந்த ஜாக்கெட் என்று அவர் மருமகள் சொன்னார். அதே நேரம் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது.

இரண்டு நாளுக்கு முன்பே ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். சதை கரைந்த இடத்தில் நீர் நின்றிருக்கிறது, தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக 45க்கு இறக்கினார், இரண்டு பி.பி. மாத்திரை நின்றது.

எடை எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்த்துவிட்டு லிமிட் எழுதாதீர்கள் என்பேன். டிரை வெயிட்டே தப்பாக இருந்தால் அதன் மேல் போட்ட கணக்கு எல்லாம் தப்பு. சாப்பாடு எப்படி இறங்குகிறது, துணி தளர்ந்திருக்கிறதா, காலில் வீக்கமா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா. நாலு கேள்விதான். சுடர், உங்கள் டெய்லரிடம் இதைப் பார்த்தீர்களா?

கோவை மகன்

நான் மருத்துவத் துறை இல்லை. அம்மாவுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ்.

போன வருடம் அம்மாவுக்குப் பொட்டாசியம் 6.8. கை கால் துவண்டு, பேச்சு குழறி, இ.சி.ஜி. எடுத்தவுடன் வார்டே ஓடியது. கால்சியம் ஊசி, இன்சுலின், பிறகு அவசர டயாலிசிஸ். எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இளநீர் குடுத்தீங்களா, வாழைப்பழம் குடுத்தீங்களா? சத்தியமாக இல்லை. பழமே வீட்டுக்குள் வராது. காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து வடித்துத்தான் செய்வோம். டயட் சீட்டில் எழுதியதை எழுத்துக்கு எழுத்து செய்தோம்.

கடைசியில் உப்பு. பி.பி.க்கு நல்லது என்று அக்கா சோடியம் குறைந்த உப்பு வாங்கி வைத்திருந்தார். பாக்கெட் பின்னால் பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு. ஒரு மாதமாக அதில்தான் சமையல். டயட் சீட்டில் "உப்பைக் குறைக்கவும்" என்று எழுதியிருந்தார்கள், எந்த உப்பு என்று எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது இந்துப்பு மட்டும்தான், அதில் பிரச்சனையே இல்லை. கீரையும் வடித்துவிட்டால் பொட்டாசியம் சுத்தமாகப் போய்விடும், தாராளமாகக் கொடுக்கலாம். மற்றவர்களும் பயப்பட வேண்டாம்.

ராத்திரி ஷிப்ட்

கோவை மகன், உங்கள் அம்மா பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் கடைசிப் பத்தியை அப்படியே விட முடியாது, யாராவது படித்துவிட்டுச் செய்துவிடுவார்கள்.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதைத் தாராளமாகப் போட்டால் சாதா உப்பைப் போலவே தாகம் எடுக்கும். வடிப்பதால் பொட்டாசியம் குறையும், போய்விடாது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பொடியாக நறுக்கினோம், அந்தத் தண்ணீரைக் கொட்டினோமா அல்லது ரசத்துக்கு எடுத்து வைத்தோமா என்பதைப் பொறுத்தது. என் பேஷன்ட் ஒருவர் வடித்த நீரில் சத்து வீணாகிறது என்று அதிலேயே ரசம் வைத்தார். கீரையும் அளவோடுதான்.

இன்னொன்று. பொட்டாசியம் ஏறினால் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். நான் முதலில் கேட்பது மலச்சிக்கல். சிறுநீரகம் நின்றுபோனவருக்குப் பொட்டாசியம் வெளியேற மிச்சமிருக்கிற வழிகளில் குடலும் ஒன்று. நாலு நாள் போகவில்லை என்றால் பட்டினி கிடந்தாலும் ஏறும். பிறகு எந்த டயாலிசிஸ் தவறியது, சர்க்கரை எவ்வளவு, எந்தப் பி.பி. மாத்திரை. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் சிதைந்து போயிருந்தாலும் பொய்யாக ஏற்றிக் காட்டும். அதற்காக 6.8ஐப் பொய் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது, இ.சி.ஜி. உடனே பார்க்க வேண்டும்.

சுடர், உங்களோடும் ஒரு சண்டை. 1500ஐ 700 ஆக்கினீர்கள், சரி. உப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? ஊறுகாயும் அப்பளமும் வைத்துக்கொண்டு 700 மி.லி.யில் நிற்க எந்த மனுஷனாலும் முடியாது. நான் தண்ணீர் லிமிட்டை இரண்டாவதாகத்தான் எழுதுவேன். முதல் வரி உப்பு.

செவ்வந்தி

அப்பாவுக்குக் கிரியாட்டினின் 3.2. டயாலிசிஸ் ஆரம்பிக்கவில்லை. இதைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது, நாளையிலிருந்து அவருக்கும் 700 மி.லி. தண்ணீர்தான் கொடுக்க வேண்டுமா? அவர் இப்போது இரண்டு லிட்டர் குடிக்கிறார். யூரின் நன்றாகப் போகிறது.

சுடர்

செவ்வந்தி, வேண்டாம். 700 என்பது 100 மி.லி. யூரின் போகிற ஒருவருடைய கணக்கு. அப்பாவுக்கு யூரின் நன்றாகப் போகிறது, வீக்கம் இல்லை என்றால் அவர் டாக்டர் சொல்லாமல் தண்ணீரைக் குறைக்காதீர்கள், குறைத்தால் சிறுநீரகத்துக்கே கெடுதலாகலாம். புரதமும் அப்படித்தான். டயாலிசிஸில் இருப்பவர்களைக் கூடுதலாகச் சாப்பிடச் சொல்கிறோம், அப்பா நிலையில் இருப்பவர்களுக்கு அளவாக வைக்கிறோம். இங்கே எழுதுகிற எதையும் அவருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

மிஷின் நம்பர் 7, பார்த்தேன். வேட்டி கட்டுகிறவர், அதனால் துணி தளர்ந்தது தெரியவில்லை. மேல்கைச் சுற்றளவு எடுத்தேன், பெரிதாகக் குறையவில்லை.

பாஸ்பரஸ் அக்கா

ராத்திரி ஷிப்ட் சொன்ன "சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்" என்பதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். பாஸ்பரஸ் 7.4. உடம்பு முழுக்க அரிப்பு, கையெல்லாம் சொறிந்த தழும்பு. நான் பாலைக் குறைத்தேன், முட்டையை நிறுத்தினேன், மீனை வாரம் ஒரு நாள் ஆக்கினேன். மூன்று மாதம் கழித்து பாஸ்பரஸ் 7.1. ரத்தத்தில் இருக்கிற புரதமான ஆல்புமின் மட்டும் 3.7லிருந்து 3.1க்கு இறங்கியது. என் டயட் சாதித்தது அதுதான்.

நாலாவது மாதம் வேறு வேலை இல்லாத ஒரு நாள். அவர் மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னேன். செவலமர் மாத்திரை மூன்றையும் காலை அறையில் போட்டு வைத்திருந்தார். விடிகாலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் மூன்றும் ஒன்றாக. "ட்ரிப்ல போய் மாத்திரை போட முடியாது மேடம், அதான் காலையிலேயே முடிச்சிடுவேன்." அந்த மாத்திரை சோற்றில் இருக்கிற பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைக்கத்தான். சோறு இல்லாத நேரத்தில் போனால் எதைப் பிடிக்கும்?

மதியச் சாப்பாட்டு டிபன் மூடியில் ஒரு மாத்திரையை டேப் போட்டு ஒட்டச் சொன்னேன். மூடியைத் திறக்காமல் சாப்பிட முடியாது அல்லவா. ராத்திரிக்கு ஒன்று தட்டுக்குப் பக்கத்தில். முட்டை வெள்ளையும் மீனும் திரும்ப வந்தது. இரண்டு மாதத்தில் 5.6.

இதைப் படிக்கிற டயட்டீசியன்களுக்கு: "பாஸ்பரஸ் குறைவான உணவு" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் வீட்டில் முதலில் நிறுத்துவது பருப்பு, முட்டை, மீன். நிறுத்த வேண்டியது கறுப்பு கோலா, பதப்படுத்திய இறைச்சி, சீஸ் துண்டு. அவற்றில் தயாரிக்கும்போது சேர்த்த பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்குப் போய்விடும், பருப்பில் இருப்பது பாதி அளவுதான் ஏறும். அதனால் பருப்பை அளவோடு விட்டுவைக்கலாம். மாத்திரை எந்த வேளை, எந்தச் சாப்பாட்டோடு என்று டயட் சீட்டிலேயே எழுதுங்கள். அது டாக்டர் வேலை, நர்ஸ் வேலை என்று மூன்று மாதம் நான் ஒதுங்கியிருந்தேன்.

மிஷின் நம்பர் 7

எல்லாம் சரி. எழுதினால் யார் படிக்கிறார்கள்? எங்கள் யூனிட்டில் ஒரு ஷிப்டுக்கு ஆறு மிஷின், நாங்கள் இரண்டு பேர். ஒருவரைக் கழற்றி அடுத்தவரைப் போடவே நேரம் போதாது. மாதாமாதம் யூரின் அளந்து லிமிட்டை மாற்று என்று எழுதி வைத்தால் அது ஃபைலுக்குள் தூங்கும்.

சுடர்

ராத்திரி ஷிப்ட், நீங்கள் சொன்னது உண்மை. அன்று நான் உப்பைக் கேட்கவில்லை. நேற்று கேட்டேன். மதியம் கடைப்பையன் வாங்கி வரும் பஜ்ஜி, வீட்டில் எலுமிச்சை ஊறுகாய். ஆனால் தண்ணீர் இரண்டாவது என்பதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 100 மி.லி. யூரின் போகிறவருக்கு உப்பே இல்லாமல் 1500 மி.லி. கொடுத்தாலும் அது போக இடமில்லை.

மிஷின் நம்பர் 7, உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் இப்போது இப்படி எழுதுகிறேன்:

"24 மணி நேர யூரின் 100 மி.லி., அளந்த தேதி இது. அதனால் திரவம் 700 மி.லி. காபி, ரசம், மோர், கஞ்சி எல்லாம் இதற்குள். யூரின் திரும்ப அளக்க வேண்டிய தேதி இது. அதற்குமுன் நீண்ட இடைவெளியில் 2.5 கிலோவுக்கு மேல் ஏறி வந்தால் அன்றே என்னைக் கூப்பிடவும்."

இதை ஃபைலுக்குள் வைக்காமல் எடை எழுதுகிற சார்ட்டின் தலையில் ஒட்டியிருக்கிறேன். எடை எழுதாமல் யாரும் மிஷின் போட முடியாது.

டெய்லர் நேற்று தன் வீட்டு டம்ளரைக் கொண்டுவந்தார். அளந்தோம், 220 மி.லி. பிடிக்கிறது, அவர் இத்தனை நாளும் அதை 150 என்று நினைத்திருக்கிறார். காலையில் ஒரு பாட்டிலில் 700 மி.லி. பிடித்து வைக்கச் சொன்னேன். காபி குடித்தால் அந்த அளவை பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும், மிச்சம் இருப்பதுதான் அன்றைக்கு. பழைய சீட்டைத் திருப்பிக் கேட்டேன். கொடுத்தார். புதுச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டார். தேதியைக் காட்டினேன். "அப்ப லேமினேட் பண்ணல" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.