"போன சண்டே வீ ஹேட் கான்": சிவப்பு மையில் திருத்தியும் அதே பிழை திரும்ப வருது, உதவுங்க

குடியாத்தம் டீச்சர்
வணக்கம். குடியாத்தம் பக்கத்து கிராமத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். வேலூர் கோட்டைக்குப் போய்வந்ததைப் பற்றிக் கட்டுரை கொடுத்தேன். நல்லாப் படிக்கிற ஒரு பொண்ணு எழுதினது இது:

"லாஸ்ட் சண்டே வீ ஹேட் கான் டு வேலூர் ஃபோர்ட். தி ஃபோர்ட் இஸ் வெரி பிக். தி வால்ஸ் ஆஃப் தி ஃபோர்ட் இஸ் ஸ்ட்ராங். இன் 1806 தி சிப்பாய்ஸ் ஹேவ் ரிவோல்ட்டட் தேர். மை அங்கிள் டெல் அஸ் தி ஸ்டோரி. தென் வீ ஏட் பிரியாணி அண்ட் கேம் ஹோம்."

எல்லாத்தையும் திருத்திக் கொடுத்தா அடுத்த கட்டுரையில் அதே "ஹேட் கான்", அதே "வால்ஸ் இஸ்". வகுப்பில் பாதிப் பேருக்கு இதேதான். எங்கே பிடிக்கிறதுன்னு தெரியலை.

ராணிப்பேட்டை டியூஷன்
டீச்சர், ரொம்ப சிம்பிள். ஒரு கட்டுரைக்கு ஒரே காலம்னு சொல்லிடுங்க. போய்வந்த கதைன்னா எல்லா வினையும் இறந்தகாலம்தான். வென்ட், வாஸ், வேர், ரிவோல்ட்டட், டோல்ட். "ஃபோர்ட் இஸ் பிக்" கூட "வாஸ் பிக்"னு மாத்தணும். என் பசங்களுக்கு இதைத்தான் சொல்லினு வர்றேன், பிழை பாதியாக் குறையுது.

ஆம்பூர் பேங்க் எக்ஸாம்
சார் நானும் இதுலதான் மாட்டினு இருக்கேன். பிழை கண்டுபிடிக்கிற கேள்வியில் "ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ் லிவ்" வருமா "லிவ்ஸ்" வருமா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

பாலாற்றங்கரை
தம்பி, உங்களுக்கு முதல்ல: "லிவ்ஸ்". எழுவாய் "ஒன்", "ஃபிரண்ட்ஸ்" இல்லை.

டீச்சர், அந்தப் பொண்ணோட கட்டுரையைத் தமிழ்ல சொல்லிப் பாருங்க. "போன ஞாயிறு கோட்டைக்குப் போயிருந்தோம்." நாம இயல்பாப் பேசுறது அப்படித்தானே? அந்தப் "போயிருந்தோம்" அப்படியே "ஹேட் கான்" ஆயிடுச்சு. அடுத்தது, "1806ல சிப்பாய்ங்க அங்க புரட்சி பண்ணியிருக்காங்க." நேர்ல பார்க்காம கேள்விப்பட்டதைத் தமிழ்ல "இருக்காங்க" போட்டுத்தான் சொல்லுவோம். அது "ஹேவ் ரிவோல்ட்டட்" ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு கவனக்குறைவா எழுதலை. தமிழ்ல சரியா யோசிச்சதை ஒழுங்கா மாத்தியிருக்கா. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விழுது.

இங்கிலீஷ்ல "ஹேவ்" போட்ட வினை, முடிஞ்சுபோன நேரத்தைக் காட்டுற சொல்லோட சேராது. "லாஸ்ட் சண்டே", "இன் 1806", "யெஸ்டர்டே" இருந்தா வெறும் இறந்தகாலம்தான். "ஹேட்" வேற கதை. கதையில் வர்ற இன்னொரு நிகழ்ச்சிக்கும் முன்னாடி நடந்ததுன்னு காட்டத்தான் அது. "மை அங்கிள் டோல்ட் அஸ் தட் தி சிப்பாய்ஸ் ஹேட் ரிவோல்ட்டட்"னு எழுதியிருந்தா சரி. மாமா சொன்னதுக்கு முந்தினது புரட்சி. ஆனா முதல் வாக்கியத்தில் கோட்டைக்குப் போனதுக்குப் பிறகு நடந்ததா எதுவும் இன்னும் வரலை. அங்கே "ஹேட்"டுக்கு வேலையே இல்லை, "வென்ட்" போதும்.

அதனால சிவப்பு மையை எடுக்கிறதுக்கு முன்னாடி, அவளையே நேரச் சொற்களுக்கு வட்டம் போடச் சொல்லுங்க. பிறகு ஒவ்வொரு வினைக்கும் அடியில் கோடு. வட்டத்துக்குப் பக்கத்தில் "ஹேவ்", "ஹேட்" இருந்தா அதை மட்டும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்க.

டியூஷன் சார் சொன்னதில் ஒரு பாதி சரி. "டெல் அஸ்" கட்டாயம் "டோல்ட்" ஆகணும், அது ஞாயிற்றுக்கிழமை நடந்த கதை. ஆனா கோட்டை இன்னிக்கும் அங்கேதானே நிக்குது? "தி ஃபோர்ட் இஸ் வெரி பிக்" பிழை இல்லை. "வாஸ்" போட்டாலும் பொறுக்கலாம், அன்னிக்குப் பார்த்ததைச் சொல்றதா ஆகும். சரியா எழுதினதைத் தப்புன்னு அடிச்சா, அடுத்த தடவை "வேலூர் வாஸ் இன் தமிழ்நாடு"ன்னு எழுதுவா.

ராணிப்பேட்டை டியூஷன்
ஐயா, நீங்க சொல்றது புரியுது. ஆனா பரீட்சை ஹால்ல பதினாலு வயசுப் பிள்ளை இது கதையா, இன்னிக்கும் இருக்கிறதான்னு யோசிக்குமா? ஒரே காலம்னு பழக்கினா மார்க்காவது தப்பும்.

பாலாற்றங்கரை
ஒரு கேள்விதான் சார்: "இது அன்னிக்கு நடந்ததா, இன்னிக்கும் அப்படியேவா?" கட்டுரையை எழுதும்போது வேண்டாம், முடிச்சப்புறம் திரும்பப் படிக்கும்போது கேட்டுக்கட்டும்.

குடியாத்தம் டீச்சர்
ஐயா, "வால்ஸ் இஸ்"க்கும் தமிழ்தான் காரணமா?

பாலாற்றங்கரை
ரெண்டு காரணம் இருக்கலாம் மேடம், எதுன்னு கண்டுபிடிச்சிட்டுத் திருத்தினாத்தான் பலன். ஒண்ணு, பேச்சில் அஃறிணைக்கு நாம பன்மை வினை போடுறதில்லை. "மாடு வருது", "மாடுங்க வருது", ரெண்டுக்கும் ஒரே "வருது". இன்னொண்ணு, "வால்ஸ்"க்கும் வினைக்கும் நடுவில் "ஃபோர்ட்" வந்து உக்காந்திருக்கு. கிட்ட இருக்கிற ஒருமையைப் பார்த்துக் கை "இஸ்" போட்டிருக்கும்.

ரெண்டு வரி எழுதிக் காலியிடம் விட்டுக் கொடுங்க. "தி வால்ஸ் ___ ஸ்ட்ராங்." "தி வால்ஸ் ஆஃப் தி ஃபோர்ட் ___ ஸ்ட்ராங்." முதல்ல "ஆர்" போட்டு ரெண்டாவதில் "இஸ்" போட்டா, விதி தெரியும், தூரம்தான் சிக்கல். "ஆஃப்"ல இருந்து வினைக்கு முன்னாடி வரைக்கும் விரலால மூடிட்டுப் படிக்கச் சொன்னாப் போதும். ரெண்டுலயும் "இஸ்" போட்டா பழக்கம் தமிழோடது. அதுக்கு விரல் உதவாது. அஃறிணைப் பன்மை வர்ற வாக்கியமாவே, பஸ், மாடு, சுவர்னு, நிறைய எழுத வைக்கணும்.

குடியாத்தம் டீச்சர்
இன்னிக்குக் கொடுத்துப் பார்த்தேன் ஐயா. அந்தப் பொண்ணு முதல் வரியில் "ஆர்", ரெண்டாவதில் "இஸ்". விரலால மூடினதும் அவளே அடிச்சுட்டு "ஆர்"னு எழுதினா. பின் பெஞ்சுல ஒரு பையன் ரெண்டுலயும் "இஸ்". ரெண்டு பேருக்கும் நோட்டுல ஒரே பிழைதான் தெரிஞ்சது.

இன்னொரு சந்தேகம். எல்லாப் பிழையையும் குறிக்கணுமா, இல்லை இந்த ரெண்டை மட்டுமா? தலைமையாசிரியர் நோட்டைப் பார்க்கும்போது திருத்தாத பிழை இருந்தா கேட்பார்.

பாலாற்றங்கரை
இது மொழி கத்துக்கொடுக்கிற துறையிலயே தீராத சண்டை. இலக்கணத் திருத்தத்தால் எழுத்து தேறாது, விட்டுடலாம்னு 1996ல் ஜான் ட்ரஸ்காட்னு ஒரு ஆராய்ச்சியாளர் எழுதினார். 1999ல் டானா ஃபெரிஸ்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் அதை மறுத்தார். நான் ஒரு கட்டுரையில் ஒண்ணு ரெண்டு வகைப் பிழையை மட்டும் எடுப்பேன். விடையை எழுத மாட்டேன், ஓரத்தில் "காலம்" இல்லைன்னா "எழுவாய்"னு குறிச்சு விடுவேன், பிள்ளை தானே தேடட்டும். "டெல்"லைத் தானாவே "டோல்ட்" ஆக்கிட்டா அது கைதவறல், மறுபடி பாடம் வேண்டாம்.

ராணிப்பேட்டை டியூஷன்
பெத்தவங்க நோட்டைப் பார்த்துட்டு, "சார் திருத்தவே இல்லை"ன்னு வந்து நிப்பாங்க ஐயா. எங்களுக்கு அது முடியாது.

குடியாத்தம் டீச்சர்
நோட்டின் முதல் பக்கத்தில், "இந்த மாசம் காலமும் எழுவாயும் மட்டும் பார்க்கப்படும்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டலாம்னு இருக்கேன். தலைமையாசிரியர் ஒத்துப்பாரான்னு கேட்டுட்டுச் சொல்றேன்.

ஆம்பூர் பேங்க் எக்ஸாம்
ஐயா கடைசியா ஒண்ணு: "மை ஃபேமிலி இஸ்" சரியா, "ஆர்" சரியா?

பாலாற்றங்கரை
பிரிட்டிஷ்காரங்க ரெண்டும் எழுதுவாங்க, அமெரிக்காவில் பெரும்பாலும் "இஸ்". உங்க தேர்வோட பழைய விடைக்குறிப்பைப் பாருங்க தம்பி, அதில் எது இருக்கோ அதையே போடுங்க.