கலைச்சொல்: ‘உடம்பெல்லாம் எரியுது’ என்று சொல்வதற்கு என்ன பெயர்?

தண்டையார்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘இடியம் ஆஃப் டிஸ்ட்ரெஸ்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மனத்தின் துயரை ஒரு சமூகம் தனக்குப் பழகிய பேச்சில், பெரும்பாலும் உடம்பின் மேல் ஏற்றிச் சொல்வதை இது குறிக்கிறது. 1981இல் கர்நாடகப் பெண்களின் பேச்சை வைத்து மானிடவியலாளர் மார்க் நிக்டர் இக்கருத்தை விரித்து எழுதினார். ‘மெய்ப்பாடு’ சரிவருமா?

பெரம்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அருமையான சொல். தொல்காப்பியம் அழுகை, அச்சம் முதலிய எட்டையும் மெய்ப்பாடு என்றே சொல்கிறது. மனநோய் உடல்நோய் போல வேடமிட்டு வருவதுதானே இது? ‘உளநோய் மெய்ப்பாடு’ என்று சேர்த்தே போடுங்கள்.

ராயபுரம், மனநல மருத்துவர்:
ஐயா, ‘வேடம்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். எரிகிறது என்பவருக்கு உண்மையாகவே எரிகிறது. இன்னொன்று, மெய்ப்பாடு பார்ப்பவர் கண்டுகொள்ளும் குறி. நாம் பெயர் தேடுவது, நோயாளி தன் வாயால் சொல்வதற்கு.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவைச் சொல்கிறேன். வயது 47. “உடம்பெல்லாம் எரியுது, கைகால் ஓய்ஞ்சு போவுது” என்று எட்டு மாதமாக அலைந்திருக்கிறார். கையில் இரண்டு ஸ்கேன், ஒரு பை நிறைய அல்சர் மாத்திரை. சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 9.8. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததும் ஓய்ச்சல் குறைந்தது, எரிச்சல் குறையவில்லை.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை நிரப்பினோம். தூக்கத்துக்கு 3, அசதிக்கு 3, பசிக்கு 1, ஆக மொத்தம் 7. மனச்சோர்வு, ஆர்வமின்மை இரண்டுக்கும் “அதெல்லாம் இல்லீங்க” என்றார். வழக்கமாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கவனிப்போம். அந்த ஒன்பது கேள்விகளில் எரிச்சல் பற்றி ஒன்றுகூட இல்லை. தாளை மட்டும் பார்த்தால் அவர் நலம்.

பிறகு, “இதை உங்க அக்கா தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டேன். “பையன் கடனுக்குப் படகை வித்துட்டான், அன்னிலேர்ந்து வயிறு எரியுதுன்னு சொல்லுவேன்” என்றார். அப்புறம் அரைமணி நேரம் அழுதார். ரத்தசோகையும் உண்மை, துயரமும் உண்மை. ‘துயர்மொழி’ என்பது என் பரிந்துரை.

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்:
டாக்டர், எனக்கு இந்தச் சொல்லே பயமாக இருக்கிறது. என் அம்மா நெஞ்சு எரியுது, தாடை வலிக்குது என்றார். ஒரு மருத்துவமனையில் ‘டென்ஷன், வீட்ல பிரச்சினையா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாரடைப்பு. ஏழைப் பெண் பேசினாலே அது மனசுதான் என்று எழுதிவிட இன்னொரு பெயர் தருகிறீர்களா?

ராயபுரம், மனநல மருத்துவர்:
உங்கள் கோபம் நியாயம், தங்கச்சி. துயர்மொழி என்பது நோயின் பெயர் இல்லை. அதை நோய்ப் பெயர் எழுதும் இடத்தில் எழுதவே கூடாது. தாடை வலியோடு நெஞ்செரிச்சல் என்றால் முதலில் இசிஜிதான், குடும்பக் கதை பிறகு. ஒருமுறை எடுத்தது சரியாக இருந்தாலும் போதாது, திரும்ப எடுக்க வேண்டும். காலில் மட்டும் இருபக்கமும் எரிந்து இரவில் கூடினால், சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். என் நோயாளிக்கு எரிச்சல் இடம் மாறிக்கொண்டே இருந்தது, மகன் பேச்சு வந்த நாட்களில் கூடியது. அந்த மாதிரி வரும்போதும், சோதனையை விடாமல்தான் கதையைக் கேட்க வேண்டும்.

மணலி, மருந்தாளுநர்:
இங்கே தொழிற்சாலைகளுக்கு வடக்கிலிருந்து வந்தவர்கள் ‘கப்ராஹட்’ என்கிறார்கள். கூட வந்தவர் அதைப் ‘படபடப்பு’ என்று தமிழில் சொல்லிவிடுவார். ஒரு தம்பிக்கு இரண்டு முறை இசிஜி எடுத்தார்கள், இரண்டும் சரியாகவே இருந்தது. ஊருக்குப் பணம் அனுப்ப முடியாத தவிப்பையும் சேர்த்துத்தான் அந்தச் சொல்லில் அவர் சொல்லியிருக்கிறார். தமிழுக்கு வரும்போது பாதி உதிர்ந்துவிட்டது. எந்தப் பெயர் வைத்தாலும், நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வேடம் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘மொழி’ என்றால் தமிழ், தெலுங்கு என்றல்லவா மனம் போகும்? ‘துயர்வழக்கு’ என்றால் உலக வழக்கு என்பது போல நிற்கும்.

மணலி, மருந்தாளுநர்:
ஐயா, வழக்கு என்றால் எங்கள் பக்கம் கோர்ட்டுதான் நினைவுக்கு வரும்.

தண்டையார்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:
சரி, இப்போதைக்கு ‘துயர்மொழி’ என்றே போடுகிறேன். நோய்ப் பெயர் கட்டத்தில் அதை எழுதக் கூடாது என்ற எச்சரிக்கை அதே பக்கத்தில் வரும். பதிவுத் தாளில் ‘நோயாளி சொன்னபடியே’ என்று ஒரு கட்டம் சேர்க்கிறேன். உடல்வழி வருவதற்கு மட்டும் தனிச்சொல் வேண்டுமா என்பது இன்னும் பாக்கி. புது வண்ணாரப்பேட்டை சகோதரி, எச்சரிக்கைப் பத்தியை உங்களுக்கு அனுப்புகிறேன், அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்லுங்கள்.