‘ஸ்விட்சிங்’ என்பதற்கு ‘அயனித் தாவல்’ பொருந்துமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பெரோவ்ஸ்கைட் படிகங்களைப் பற்றிய ஒரு பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரியம் டைட்டனேட்டின் அலகுக்கூட்டில் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்த எண்முகியின் நடுவே டைட்டானியம் இருக்கிறது. அறை வெப்பநிலையில் அது சரியாக நடுவில் நில்லாமல் ஓர் ஆக்சிஜனை நோக்கிச் சற்றே விலகியிருக்கிறது. எதிர்த்திசையில் மின்புலம் செலுத்தினால் மறுபக்கம் போய்விடுகிறது. இந்த விலகலும் ‘ஃபெர்ரோஎலெக்ட்ரிக் ஸ்விட்சிங்’ என்பதும் ஒரே நிகழ்வின் இரு பெயர்கள் என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். ஆகவே இரண்டுக்கும் சேர்த்து ‘அயனித் தாவல்’ என்ற ஒரே சொல்லை ஆளலாமா?

தமிழாசிரியர் எழுதியது

அம்மா, ஸ்விட்ச் என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. சுற்றை மூடுவதும் திறப்பதும்தானே அது? ‘நிலைமாற்றல்’ என்று எழுதினால் போதும், புதிதாக ஆக்க வேண்டியதில்லை. என் உறுத்தல் முன்னொட்டைப் பற்றியது. ‘ஃபெர்ரோ’ என்றால் இரும்பு. பேரியம், டைட்டானியம், ஆக்சிஜன் மட்டுமே உள்ள பொருளில் இரும்பு எங்கே இருக்கிறது? ‘அயமின்’ என்று எழுதினால் மாணவர் தவறாக எண்ணமாட்டாரா?

படிக ஆய்வாளர் எழுதியது

ஐயா, இங்கே சுற்று எதுவும் மூடப்படுவதோ திறக்கப்படுவதோ இல்லை. நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்பதால் உண்டாகி, புலத்தை நீக்கிய பின்பும் படிகத்தில் எஞ்சி நிற்கும் முனைவாக்கம் தலைகீழாகத் திரும்புவதைத்தான் இத்துறையில் ஸ்விட்சிங் என்கிறோம். இரும்பு பற்றிய உங்கள் உறுத்தல் நியாயமானதே. இயற்பியலாளர் வாலசெக் 1920-இல் ரோஷல் உப்பில் இந்தப் பண்பைக் கண்டார், அதிலும் இரும்பு கிடையாது. ஃபெர்ரோ காந்தப் பொருளில், புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் பின்தங்கி வரையும் தயக்கக் கண்ணி போன்றது இதிலும் தோன்றியதால், அந்த ஒப்புமையில் ஒட்டிக்கொண்ட பெயர் இது.

அம்மா, உங்கள் புரிதலில் பாதி சரி. திரும்பும்போது ஒவ்வொரு டைட்டானியமும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகரத்தான் செய்கிறது. ஆனால் விலகலையும் திரும்புதலையும் ஒரே சொல்லில் அடைக்க முடியாது.

எண்முகியின் நடுவிலிருந்து டைட்டானியம் விலகியிருக்கும் தொலைவு ஏறக்குறைய 0.13 ஆங்ஸ்ட்ராம். அதற்கு நான்கு அலகு நேர்மின்னூட்டம் என்று வைத்து, அலகுக்கூட்டின் கன அளவான 64 கன ஆங்ஸ்ட்ராமால் வகுத்துப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 13 மைக்ரோகூலும் வரும். அளந்தால் கிடைப்பதோ 26. அயனி ஆக்சிஜனை நெருங்கும்போது பிணைப்பிலுள்ள எலெக்ட்ரான்களும் இடம் மாறுகின்றன. அதனால்தான் அயனி தன் பெயரளவு மின்னூட்டத்தைவிட மிகுதியாகச் சுமப்பதுபோல் நடந்துகொள்கிறது. ‘அயனித் தாவல்’ என்றால் இந்த மறுபாதி சொல்லுக்கு வெளியே நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், ‘தாவல்’ தரும் படம். எல்லா டைட்டானியங்களும் ஒரே நொடியில் சேர்ந்து தாவுவதாக வாசகர் எண்ணிக்கொள்வார். அப்படி நிகழ வேண்டுமானால், நல்ல ஒற்றைப் படிகத்தில் உண்மையில் தேவைப்படும் புலத்தைப்போல நூறு மடங்கோ அதற்கு மேலோ தேவைப்படும். ஆனால் சென்டிமீட்டருக்கு 1 கிலோவோல்ட் அளவிலேயே படிகம் திரும்பிவிடுகிறது. காரணம், முதலில் எங்கோ ஒரு சிறு பகுதி, பெரும்பாலும் மின்வாயை ஒட்டிய இடத்தில், திரும்புகிறது. அதற்கும் திரும்பாத பகுதிக்கும் இடையே ஓரிரு அலகுக்கூடுகள் தடிப்புள்ள ஒரு சுவர் உண்டாகிறது. அந்தச் சுவர் நகர நகர, அதன் விளிம்பில் உள்ள அயனிகள் மட்டும் வரிசை வரிசையாக மையத்தைக் கடக்கின்றன. கனமான கம்பளத்தை மொத்தமாக இழுக்காமல், அதில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிச் செல்வதுபோன்றது இது. திரும்ப எடுக்கும் நேரம், புலம் குறையும்போது அடுக்குக்குறி முறையில் நீளுவதை மெர்ஸ் 1954-இல் பேரியம் டைட்டனேட்டில் அளந்து காட்டினார். சிறு பகுதிகள் முளைத்துத்தான் திரும்புதல் நடக்கிறது என்பதோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

இன்னொன்று: விலகல் இருந்தும் ஃபெர்ரோமின் தன்மை இல்லாமல் போகலாம். ஈய சிர்க்கோனேட்டில் ஈய அயனிகள் விலகியே நிற்கின்றன, ஆனால் எதிரெதிராக விலகி ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. ஆகவே விலகலுக்கு ‘மையப் பிறழ்வு’ என்றும், திரும்புதலுக்கு ‘முனைவுப் புரட்டு’ என்றும் தனித்தனியே வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

ஆய்வு மாணவர் எழுதியது

வணக்கம் ஐயா. சொல்லைப் பற்றிய இழையில் என் சிக்கலைக் கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். என் பேரியம் டைட்டனேட் வில்லையில் தயக்கக் கண்ணி வந்தது, ஆனால் அதன் முனைகள் கூராக இல்லாமல் உருண்டிருந்தன. அதிர்வெண்ணைக் குறைத்தால் கண்ணி இன்னும் பருக்கிறது. கண்ணி திறந்திருப்பதால் அயனிகள் தாவிவிட்டன என்றே குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அது சரிதானா?

படிக ஆய்வாளர் எழுதியது

தம்பி, உங்கள் கேள்வி சொல்லோடு தொடர்புடையதுதான். நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் கசிவு மின்னோட்டம். கசிவுக்கு நேரம் கூடக்கூட மின்னூட்டமும் சேர்ந்துகொண்டே போகும், அதனால்தான் அதிர்வெண் குறைந்தால் கண்ணி பருக்கிறது. முதலில் மின்னோட்டத்தையே மின்புலத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். முனைவாக்கம் திரும்பினால், புலம் உச்சத்தை எட்டும் முன்பே மின்னோட்டம் ஒரு முகடாக எழுந்து தணியும். கசிவு மட்டும் என்றால், புலம் உச்சத்தில் இருக்கும்போதுதான் மின்னோட்டமும் உச்சத்தில் இருக்கும்.

அதன்பின் துடிப்பு முறையில் உறுதிசெய்யுங்கள். முதலில் ஓர் எதிர்த்துடிப்பால் முனைவாக்கத்தை ஒரு பக்கம் நிறுத்துங்கள். பிறகு ஒரே அளவுள்ள நேர்த்துடிப்புகள் இரண்டை, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். முதல் துடிப்பில் திரும்புதலும் கசிவும் மின்தேக்கியாக ஏறும் மின்னூட்டமும் கலந்து வரும். இரண்டாவதில் திரும்ப எதுவும் மிச்சமில்லை, மற்றவை மட்டும் வரும். இரண்டின் வேறுபாடே திரும்பிய மின்னூட்டம். அது ஏறக்குறைய சுழியானால் குறிப்பேட்டைத் திருத்திவிடுங்கள். எதிர்த்துடிப்புகள் இரண்டிலும் இதையே செய்து ஒப்பிடுவது நல்லது.

தமிழாசிரியர் எழுதியது

நான் ஸ்விட்ச் என்பதைத் தவறாகப் படித்துவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். ஆனால் ‘முனைவுப் புரட்டு’ வேண்டாம். புரட்டு என்றால் பொய், ஏமாற்று என்ற பொருள் முந்திக்கொண்டு வரும். ‘புரள்வு’ தன்வினையாக இருப்பதால், புலம் செய்விக்கிறது என்பது அதில் தெரியாது. ‘மையப் பிறழ்வு’ என்பதும் ஒளியியலின் ‘நிறப்பிறழ்வு’ போலக் குறைபாட்டைக் குறிப்பதாகத் தோன்றுகிறது. ‘மையவிலகல்’ என்றால் மையவிலக்கு விசை நினைவுக்கு வரும். பாடநூலில் இடப்பெயர்ச்சி பழகிய சொல். அதையொட்டி ‘மையம்விட்ட பெயர்ச்சி’ என்று வைத்தால், எதை விட்டு எது பெயர்ந்தது என்பது சொல்லிலேயே விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது

ஐயா இருவருக்கும் நன்றி. ‘மையம்விட்ட பெயர்ச்சி’ நீளமாக இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஈயத்துக்கும் டைட்டானியத்துக்கும் அது ஒருசேரப் பொருந்துகிறது. திரும்புதலுக்கு இப்போதைக்கு ‘முனைவுத் திருப்பம்’ என்று எழுதுகிறேன், சுவர் நகர்வதைத் தனி வாக்கியத்தில் விளக்கிவிடுகிறேன். ‘ஃபெர்ரோ’ முன்னொட்டை ஒலிபெயர்த்தே வைக்கிறேன், ஆனால் ‘அயமின்’ என்பதை ஆளும் நூல்களோடு ஒத்துப்போக வேண்டுமா என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை.

ஆய்வு மாணவர் எழுதியது

ஐயா, துடிப்பு முறையில் செய்து பார்த்தேன். வேறுபாடு சுழியாக இல்லை, ஆனால் கண்ணி காட்டிய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குறிப்பேட்டில் ‘தாவிவிட்டன’ என்பதை அடித்துவிட்டு, ‘ஒரு பகுதி திரும்பியது, மிச்சம் கசிவு’ என்று எழுதியிருக்கிறேன். வில்லையை மீண்டும் சுட்டு, அடர்த்தியைக் கூட்டிப் பார்க்கப்போகிறேன்.