புதுப்பிப்பு: முதல் தலை விழும்வரை எத்தனை முறை சுண்டுவது?

"தலை விழ வாய்ப்பு p = 1/4. முதல் தலை வரும்வரை சராசரியாக எத்தனை முறை சுண்டணும்? விடையில் 1/p-ன்னு இருக்கு, ஏன்?" மகளின் தொடக்கக்கல்லூரிப் பயிற்சித்தாளைப் படமெடுத்து இங்கே நான் கேட்டது.

ஈசூனில் துணைப்பாடம் நடத்தும் அக்காவின் விளக்கம் மகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. சராசரியை E என்று வைப்போம். ஒரு முறை எப்படியும் சுண்டியாக வேண்டும். 3/4 வாய்ப்பில் பூ விழும். முன்பு என்ன விழுந்தது என்பது நாணயத்துக்குத் தெரியாது. அதனால் மறுபடி முதலிலிருந்து, இன்னும் E முறை.

```
E = 1 + (3/4)E
E = 4
```

3/4 இருக்கும் இடத்தில் 1−p போட்டால் 1/p வந்துவிடும். எவ்வளவு அழகு!

"அப்போ நாலுக்குள்ள விழுந்துடும்" என்றார் ஒரு தம்பி. பாதிதான் சரி. நான்கும் பூவாக விழ (3/4)⁴ = 81/256, கிட்டத்தட்ட 32 விழுக்காடு. மூன்றுக்குள் முடிய 37/64, பாதிக்கும் மேல். நான்கைத் தாண்டி, எப்போதாவது பத்துக்கு மேலும் இழுப்பதுதான் சராசரியை 4-க்கு ஏற்றுகிறது.

டோட்டோ லாட்டரி வாங்கும் ஓர் அண்ணன், "எனக்கு ரொம்ப நாளா விழலை, இனி விழும்" என்றார். இல்லண்ணே, ஒவ்வொரு குலுக்கலும் புதுசு.

படத்தில் (ஆ) பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. அங்கே தலைக்கு முன் விழும் பூக்களை மட்டும் கேட்டிருந்தால் விடை 3. முழுத்தாள் கிடைத்ததும் போடுகிறேன்.