பத்து நாள் கால வெளியேற்ற விதி: பேக்டெஸ்டில் ஒன்று, நடைமுறையில் வேறொன்று

மெதுநடை:
தினசரி கேண்டிலை வைத்து வாங்கும் ஒரு முறையைப் பின்பற்றுகிறேன். இலக்கு 8%, ஸ்டாப்லாஸ் 4%. பத்து நாள்களுக்குள் இரண்டில் எதுவும் எட்டப்படாவிட்டால், பொசிஷனை அன்றைய விலைக்கே மூடிவிட வேண்டும் என்பது விதி. பேக்டெஸ்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பொசிஷன் மட்டுமே கால விதியால் மூடப்பட்டது. நடைமுறையிலோ இதுவரை முடிந்த 28 பொசிஷன்களில் 13 அப்படி மூடப்பட்டுள்ளன. அவற்றில் சில, மூடிய இரண்டு மூன்று நாள்களிலேயே இலக்கைத் தொட்டன. சந்தையின் போக்கு மாறிவிட்டதா, அல்லது என் விதியில்தான் பிழையா?

அலைவரிசை:
நானும் பிற்பகலில் ஒரு குறிப்பிட்ட நேரம் வந்ததும் எல்லாவற்றையும் மூடிவிடுவேன். கடைசி அரை மணி நேரத்தில் விலை தாறுமாறாக ஆடுவதால், நேரத்தைச் சற்று முன்னதாக வைத்துப் பாருங்கள்.

மெதுநடை:
நான் கேட்டது ஒரே நாளில் வாங்கி விற்பதைப் பற்றி அன்று. நாள்கணக்கில் வைத்திருக்கும் பொசிஷன்களைப் பற்றி.

நேர்கோடு:
பத்து நாள் என்பது உங்கள் இலக்குக்குப் போதவில்லை என்றே தோன்றுகிறது. பதினைந்தாக உயர்த்தினால், நீங்கள் இழந்ததாகச் சொல்லும் பொசிஷன்கள் தாமாகவே இலக்கை எட்டிவிடும்.

கணக்குப்பிள்ளை:
நாள்களைக் கூட்டுவதற்கு முன், எதை நாள் என்று எண்ணுகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பொசிஷனை மூடும் வரியை இங்கே இடுங்கள். கூடவே, கால விதியால் மூடப்பட்டவற்றை வாங்கிய கிழமைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை வர்த்தக நாள்கள் இருந்தது என்றும் எண்ணிச் சொல்லுங்கள்.

மெதுநடை:
வரி இதுதான்.

```python
if (today - entry_date).days >= 10:
    close_position()
```

எண்ணிப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. திங்கள் முதல் புதன் வரை வாங்கியவை எட்டாம் வர்த்தக நாளிலும், வியாழனன்று வாங்கியவை ஏழாம் நாளிலும், வெள்ளியன்று வாங்கியவை ஆறாம் நாளிலும் மூடப்பட்டுள்ளன. ஒன்றுகூடப் பத்தை எட்டவில்லை.

கணக்குப்பிள்ளை:
பிழை அங்கேதான் இருக்கிறது. பேக்டெஸ்ட் கேண்டில்களை எண்ணியது. இந்த வரி சனி ஞாயிறையும் சேர்த்து நாள்காட்டியை எண்ணுகிறது. வெள்ளியன்று வாங்கினால் அடுத்த வாரம் முடிந்து வரும் திங்களன்றே பத்து நாள் நிறைந்துவிடும், ஆனால் இடையில் சந்தை நடந்தது ஆறே நாள்கள். விடுமுறை குறுக்கிட்டால் இன்னும் குறையும். உங்கள் பேக்டெஸ்டில் வென்ற பொசிஷன்கள் பெரும்பாலும் எத்தனையாவது நாளில் இலக்கைத் தொட்டன என்று பாருங்கள். அது எட்டு, ஒன்பது என்று வந்தால், விதி சரியாக அந்த வாசலில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறது. கீழ்க்காணுமாறு மாற்றலாம்.

```python
bars_held = len(df.loc[entry_date:today]) - 1
if bars_held >= 10:
    close_position()
```

இன்றைய கேண்டில் தரவில் சேர்ந்த பிறகே இதை ஓட்ட வேண்டும், இல்லையேல் எண்ணிக்கை ஒன்று குறையும். வாங்கிய நாளை பேக்டெஸ்ட் பூச்சியமாக எண்ணியதா, ஒன்றாக எண்ணியதா என்பதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். கால விதி பொசிஷனை மூடும்போது, இலக்குக்காக முன்பே வைத்த விற்பனை லிமிட் ஆர்டரை ரத்துசெய்ய வேண்டும். அது கிடப்பில் இருந்தால், பின்னொரு நாள் விலை அங்கே வரும்போது, கையில் இல்லாததை விற்றுவிட்டு ஷார்ட்டில் நிற்பீர்கள்.

நேர்கோடு:
நாள்காட்டிக் கணக்கு என்பதை நான் கவனிக்கவில்லை. ஆனாலும் பதினைந்து நாள் வைத்தால் இந்தச் சிக்கலும் தானே மறைந்திருக்குமே?

கணக்குப்பிள்ளை:
சிக்கல் மறையாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும். நாள்காட்டியில் பதினைந்து என்றால் ஏறக்குறைய பத்து, பதினொன்று வர்த்தக நாள்கள். தற்செயலாகச் சரியான இடத்தை அடைந்திருப்பீர்கள், காரணம் தெரியாமலே.

மெதுநடை:
அந்த 13 பொசிஷன்களையும் பத்து வர்த்தக நாள்களுக்கு நீட்டிப் பார்த்தேன். 5 இலக்கைத் தொட்டிருக்கும், 2 ஸ்டாப்லாஸில் போயிருக்கும், மீதி 6 பத்தாம் நாளில் கால விதியாலேயே மூடப்பட்டிருக்கும். 28-இல் 6 என்பது பேக்டெஸ்டுக்கு அருகில் வருகிறது. ஆனால் அந்த ஆறில் ஒன்று பத்தாம் நாளில் 6% லாபத்தில் நிற்கிறது. அதையும் மூடத்தான் வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
நான் மூடுவேன். நகராமல் முடங்கிய பணத்தை அடுத்த வாய்ப்புக்கு விடுவிப்பதற்காகத்தான் இந்த விதியை வைத்திருக்கிறேன். லாபத்தில் இருப்பதற்கெல்லாம் விலக்கு அளித்தால், பேக்டெஸ்ட் செய்யாத வேறொரு முறையை நடத்துகிறவன் ஆகிவிடுவேன்.

நேர்கோடு:
இதில் நான் உடன்படவில்லை. 6% ஏறியது முடங்கியது ஆகாது. ஸ்டாப்லாஸை வாங்கிய விலைக்கு மேலே உயர்த்திவிட்டு, இன்னும் மூன்று நாள் விடுவதே என் வழக்கம்.

மெதுநடை:
இரண்டு வகையையும் பழைய தரவில் தனித்தனியே ஓட்டிப் பார்க்கிறேன். இதற்கிடையில், கிடப்பில் இருந்த பழைய இலக்கு ஆர்டர்கள் இரண்டைக் கண்டுபிடித்து ரத்துசெய்துவிட்டேன்.